ரோகுவுக்கு ஊசி போடும் மாலையிலிருந்து குஞ்சு அளக்கும் காலை வரை

ஜூன் கடைசியில் ரோகு வளர்க்கும் குளத்தில் வலை இழுத்தால் வயிறு புடைத்த பெண் மீன் ஒன்றாவது அகப்படும். தொட்டால் வயிறு மெத்தென்று இருக்கும். உள்ளே லட்சக்கணக்கில் சினைமுட்டைகள். ஆனால் அந்தக் குளத்தில் ரோகு குஞ்சு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே மீனைப் பிடித்தால் வயிறு ஒட்டியிருக்கும். முட்டையிட்டுவிட்டது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில், வெளியேற வழியில்லாமல் போன முட்டைகளை மீனின் உடலே கரைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஆற்றில் இப்படி நடப்பதில்லை. பருவமழையில் ஆறு பெருகி, புதுவெள்ளம் கரையோரப் பள்ளங்களில் பரவும்போது கட்லா, ரோகு, மிர்கால் என்ற இந்தியப் பெருங்கெண்டைகள் மூன்றும் அங்கே கூடி முட்டையிடும். குளத்தில் தீனி உண்டு, வெயில் உண்டு, மழைகூட உண்டு; ஓடும் வெள்ளம் மட்டும் இல்லை. அதனால் மீன் சினை வைக்கிறது, ஆனால் கடைசிப் படியில் நின்றுவிடுகிறது. தூண்டல் முறை இனப்பெருக்கம் என்று நாம் சொல்வது அந்தக் கடைசிப் படியை மட்டும் தாண்டவைக்கும் வேலை. இந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் பொரிப்பகத்தில் நடக்கும் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் விளங்கிவிடும்.

மூளைக்குள் ஒரு முடுக்கி, ஒரு தடை

மீனின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அதன் அடியில் தொங்குவதுபோல் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. வெள்ளத்தின் ஓட்டம், மழையில் குளிர்ந்த நீர், எதிர்ப்பாலின் அருகாமை ஆகிய குறிப்புகள் வந்து சேர்ந்ததும் ஹைப்போதலாமஸ் ஒரு வெளியேற்று ஹார்மோனை அனுப்புகிறது. அது பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி சினைதூண்டு ஹார்மோனை இரத்தத்தில் பாய்ச்ச, அது சினைப்பைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே முட்டையின் நடுவில் இருந்த உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து கரைகிறது; முட்டை தன் உறையிலிருந்து கழன்று விடுபடுகிறது. அதன் பிறகுதான் மீனால் முட்டையிட முடியும்.

இதில் இன்னொரு கைகாரரும் உண்டு: டோபமின். வெளியேற்று ஹார்மோன் முடுக்கி என்றால் டோபமின் தடை. பிட்யூட்டரி தன் ஹார்மோனை விட்டுவிடாதபடி அது இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். கெண்டை இனங்களில் இந்தத் தடை வலுவானது. முடுக்கியை மட்டும் அழுத்தினால் வண்டி முக்கி முனகுமே தவிர நகராது.

இந்தியாவில் இந்த வேலையை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1957 ஜூலை 10 அன்று, ஒடிசாவின் அங்குலில், ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுஞ்ஞியும் இந்தியப் பெருங்கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி முட்டையிடச் செய்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர்களின் வழி, மூளையைச் சுற்றிக்கொண்டு போவது. முதிர்ந்த வேறொரு மீனின் தலையைத் திறந்து சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் பதப்படுத்தி, வேண்டும்போது அரைத்துச் சாறெடுத்துச் செலுத்த வேண்டும். சுரப்பியில் இருக்கும் ஹார்மோன் நேரே சினைப்பைக்குப் போய்விடும். வேலை நடந்தது, ஆனால் சுரப்பி எந்த மீனுடையது, எப்போது எடுத்தது என்பதைப் பொறுத்து வீரியம் மாறியது. பெண் மீனுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டும். ஒரே இரவில் இரண்டு முறை பிடிபட்டுத் துள்ளிய மீனின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது பொரிப்பகங்களில் பயன்படும் ஓவாப்ரிம் போன்ற மருந்துகள் மூளையின் வழியிலேயே போகின்றன. ஓவாப்ரிம் ஒரு மில்லிலிட்டரில் 20 மைக்ரோகிராம் செயற்கை வெளியேற்று ஹார்மோனும் 10 மில்லிகிராம் டோம்பெரிடோனும் இருக்கின்றன. முன்னது முடுக்கியை அழுத்துகிறது. பின்னது டோபமின் தடையை நீக்குகிறது. மீனின் சொந்தப் பிட்யூட்டரியே தேவையான ஹார்மோனைச் சுரக்கிறது. ஒரே ஊசி போதும்.

மருந்து எதுவானாலும், முட்டையை வளர்க்கும் வேலை அதனுடையதல்ல. முட்டையில் மஞ்சள் கருவைச் சேர்ப்பது மாதக்கணக்கில் நடக்கும் காரியம். அது தாய்மீன் குளத்துத் தீனியிலும் நீரிலும் முடிந்திருக்க வேண்டும். முடியாத மீனுக்கு எத்தனை மில்லி ஏற்றினாலும் வீண்.

எந்த மீனைத் தூக்குவது?

ஆணைக் கண்டுபிடிப்பது எளிது. மார்புத் துடுப்பின் மேற்பக்கத்தை விரலால் தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். பெண்ணுக்கு அது வழுவழுப்பாக இருக்கும். ஆணின் அடிவயிற்றைப் பின்பக்கமாக மெல்ல நீவினால் பால்போல் விந்து கசியும். அது கெட்டியாக, வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உடனே கலைந்து பரவ வேண்டும். நீர்த்துப்போய் மோர்போல் வந்தால் அந்த ஆணை ஒதுக்கிவிடலாம்.

பெண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைப்பழக்கம் வேண்டும். வயிறு புடைத்திருப்பது மட்டும் அடையாளமாகாது. நன்றாகத் தின்ற மீனுக்கும் வயிறு புடைக்கும், கொழுப்பு வைத்த மீனுக்கும் புடைக்கும். அதனால்தான் தேர்வுக்கு முந்தைய நாள் தீனி நிறுத்துகிறோம். சினை முதிர்ந்த மீனின் வயிறு கழிவுத்துளை வரை ஒரே சீராக மெத்தென்று இருக்கும். துளை சற்றே வீங்கிச் சிவந்திருக்கும். கொழுத்த மீனின் வயிறு முன்பக்கம் மட்டும் தடித்து, அழுத்தினால் இறுகலாக இருக்கும்.

சந்தேகம் வந்தால் முட்டையையே கேட்டுவிடலாம். மெல்லிய வளையும் குழாய் ஒன்றைத் துளை வழியாக நுழைத்து இருபது முப்பது முட்டைகளை உறிஞ்சி எடுங்கள். ஆல்கஹால் ஆறு பங்கு, ஃபார்மலின் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்த தெளிவுத் திரவத்தில் அவற்றைப் போட்டுச் சில நிமிடம் பொறுங்கள். கலங்கிய முட்டை கண்ணாடியாகத் தெளிந்து, உள்ளே உட்கரு ஒரு புள்ளியாகத் தெரியும். பெரும்பாலான முட்டைகளில் அந்தப் புள்ளி நடுவிலிருந்து விலகி ஓரம் நோக்கி நகர்ந்திருந்தால் மீன் தயார். நடுவிலேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் காலம் இருக்கிறது, குளத்தில் விட்டுவிடுங்கள். முட்டைகள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபட்டு, சில நைந்து, ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் பருவம் தாண்டிக் கரையத் தொடங்கிவிட்டன. அதற்கும் ஊசி போடக்கூடாது.

இந்தச் சோதனையை எல்லாப் பெண் மீனுக்கும் செய்யச் சொல்லவில்லை. ஒரு குளத்துக் கூட்டத்தில் இரண்டு மூன்று மீன்களில் செய்தால் போதும். ஆனால் ஒரு முறையாவது மாணவர்கள் தங்கள் கண்ணால் அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வயிற்றைத் தொடும் விரலுக்குத் தான் எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு: ஆறு பெண், பன்னிரண்டு ஆண்

ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். தலா 2 கிலோ எடையுள்ள ஆறு பெண் ரோகு, மொத்தம் 12 கிலோ. தலா ஒரு கிலோ அளவில் பன்னிரண்டு ஆண், அதுவும் 12 கிலோ. எண்ணிக்கையில் ஒன்றுக்கு இரண்டு, எடையில் சமம். ஆண்கள் ஏன் இத்தனை? ஆற்று நீரில் கலந்த விந்தணு சுமார் ஒரு நிமிடம்தான் துடிப்போடு நீந்தும். தண்ணீர் பட்ட முட்டையின் நுழைதுளையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் அடைத்துக்கொள்ளும். தொட்டியிலும் அதே கதைதான். முட்டை கொட்டும் கணத்தில் பக்கத்தில் ஆண் இல்லையென்றால் அந்த முட்டை வெறும் முட்டை.

ரோகு பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மி.லி. ஓவாப்ரிம் வழக்கம். நடுவாக 0.35 மி.லி. எடுத்தால் 12 கிலோவுக்கு 4.2 மி.லி. ஆணுக்குக் கிலோவுக்கு 0.15 மி.லி. வீதம் 1.8 மி.லி. ஆக மொத்தம் 6 மி.லி.; 10 மி.லி. குப்பி ஒன்றில் மீதமும் இருக்கும். கட்லா பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக 0.4 முதல் 0.5 மி.லி. தேவைப்படும், மிர்காலுக்கு ரோகுவைவிடச் சற்றுக் குறைவாகப் போதும். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மேல் அளவுக்குப் போவார்கள், நடுப்பருவத்தில் கீழ் அளவே வேலை செய்யும்.

இரண்டு கிலோ பெண்ணுக்குப் போகும் 0.7 மி.லி. மருந்தில் ஹார்மோன் 14 மைக்ரோகிராம்தான். சிரிஞ்சில் ஒரு கோடு தவறினாலும் விகிதம் மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு மீனையும் எடை போட்டே செலுத்துங்கள். 'ஏறத்தாழ ரெண்டு கிலோ இருக்கும்' என்று கைமதிப்பில் சொல்லும் பழக்கம் பெரிய பண்ணைகளிலும் உண்டு. கையால் எடை மதிப்பவர்களின் துல்லியத்தை நான் ஒரு முறை தராசில் சோதித்தேன். அதற்குப் பிறகு மதிப்பதை விட்டுவிட்டேன், மதித்தவன் நான்தான்.

ஊசி போடுவதற்கு வால்பகுதிக்கு முன்னால், பக்கக்கோட்டுக்கு மேலுள்ள சதை வசதியானது. ஈரமான வலைத்துணியில் மீனைச் சுற்றி, ஈரத்துணியால் கண்ணை மூடினால் துள்ளல் அடங்கும். செதிலின் அடியில் ஊசி நுனியை நுழைத்து, தலைப்பக்கம் நோக்கி 45 பாகை சாய்வில் சதைக்குள் செலுத்தி, மருந்தை மெதுவாக இறக்குங்கள். ஊசியை எடுத்த இடத்தை விரலால் அழுத்திச் சில விநாடி தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் மருந்து வெளியே வழிந்துவிடும். பெண், ஆண் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போட்டுவிடலாம்.

நேரம் மாலை ஆறு மணி, நீரின் வெப்பம் 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். மாலையில் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வெப்பத்தில் ஊசிக்கும் முட்டைக்கும் இடையில் ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். அப்போது விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில் முட்டையிடல் நடக்கும். பகல் வெளிச்சத்தில் முட்டைகளை மாற்றலாம். நீர் குளிர்ந்திருந்தால் இந்த இடைவெளி நீளும். 31 பாகைக்கு மேல் போனால் அன்று ஊசியை எடுக்காமலிருப்பதே மேல்.

இரவு: வட்டத் தொட்டியில் ஒரு செயற்கை ஆறு

நம் பொரிப்பகங்களில் பரவலாக இருப்பது சீன முறை வட்டப் பொரிப்பகம். மேலே ஒரு நீர்த்தேக்கத் தொட்டி, கீழே இனப்பெருக்கத் தொட்டி, அதையும்விடக் கீழே பொரிப்புத் தொட்டிகள், கடைசியில் குஞ்சு சேகரிக்கும் தொட்டி. எல்லாம் படிப்படியாகத் தாழ்ந்து போகும். நீர் தானே இறங்கி ஓடும். இனப்பெருக்கத் தொட்டி வழக்கமாக 8 மீட்டர் விட்டமும் சுமார் 50 கன மீட்டர் நீரும் கொண்டது. தரை நடுவை நோக்கிச் சரிந்து, நடுவில் வெளியேற்றுக் குழாய் இருக்கும். சுவரில் ஒரே திசையில் சாய்த்துப் பதித்த குழாய்கள் நீரைப் பீய்ச்சித் தொட்டி முழுவதையும் சுழலவைக்கும். மேலே தூவல் குழாயைத் திறந்துவிட்டால் மழைபோல் விழும். குளத்தில் இல்லாமல் போன வெள்ளத்தையும் மழையையும் கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடுதான் இது. நம்முடைய 24 கிலோ மீன் இந்தத் தொட்டிக்கு மிகக் குறைவான சுமை.

ஊசி போட்ட முதல் சில மணி நேரம் மீன்களைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள், ஓட்டம் மெல்லியதாக இருக்கட்டும். நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டத்தைக் கூட்டித் தூவலைத் திறக்கலாம். அதிகாலை மூன்று மணிவாக்கில் துரத்தல் தொடங்கும். ஒரு பெண்ணின் பின்னால் இரண்டு ஆண்கள் முட்டி மோதிக்கொண்டு வட்டமிடும். ஆண் பெண்ணின் வயிற்றோடு தன் உடலை உரசும். நீர் மட்டம் கலங்கித் தெறிக்கும். டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கத் தோன்றும். காதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒளி பட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

ஒரே இரவில் ஒரே தொட்டியில் ரோகுவும் மிர்காலும் விடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தொட்டி மிச்சம், நீர் மிச்சம். ஆனால் விந்து நீரில் கலந்தபின் எந்த முட்டையிடம் போவது என்று அது பார்ப்பதில்லை. கலப்புக் குஞ்சுகள் உருவாகும். குஞ்சாக இருக்கையில் கண்ணால் பிரிக்க முடியாது. அவை வளர்ந்து அடுத்த பருவத்தில் தாய்மீன்களாக வந்து நிற்கும்போது எது தூய ரோகு என்றே தெரியாமல் போகும். ஒரு தொட்டிக்கு ஓர் இனம் என்பதில் சலுகை காட்ட வேண்டாம்.

முட்டையை அளப்பது, பார்ப்பது

விடிந்து ஆறு மணி. புதிதாக விழுந்த முட்டை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. தண்ணீரை உறிஞ்சி நான்கு ஐந்து மில்லிமீட்டர் வரை உப்பும். உப்பி இறுகிய பிறகுதான் அதைக் கையாளலாம். அவசரப்பட்டு உப்பும் நேரத்திலேயே வாரினால் சவ்வு சிதைந்து முட்டை நசுங்கும். ரோகு முட்டை ஒட்டாது. ஓடும் நீரில் மிதந்தும் நிற்கும் நீரில் அடியிலும் இருக்கும். இலையிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்ளும் சாதாக்கெண்டை முட்டையிலிருந்து இது முற்றிலும் வேறு.

நடுக்குழாயைத் திறந்தால் முட்டைகள் சேகரிப்புத் தொட்டியில் கட்டியுள்ள மென்துணிப் பைக்கு வந்து சேரும். அங்கிருந்து அளவுக் குவளையால் அள்ளுகிறோம். நம் தொகுதியில் 110 லிட்டர் முட்டை கிடைத்தது என்று கொள்வோம். எண்ணிக்கை எப்படித் தெரியும்? 50 மி.லி. அளவை மூன்று முறை எடுத்து எண்ணினோம்: 880, 910, 910. சராசரி 900. அப்படியானால் லிட்டருக்கு 18,000, மொத்தம் 19.8 லட்சம். பெண்களின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 1.65 லட்சம், நல்ல விளைச்சல்தான்.

பொரிப்புத் தொட்டி இவற்றைத் தாங்குமா? வெளி விட்டம் 3 மீட்டர், நடுவில் வலைத்துணியால் சுற்றிய வட்டக் கூண்டின் விட்டம் ஒரு மீட்டர், நீர் ஆழம் 0.9 மீட்டர். இடைப்பட்ட வளையத்தில் சுமார் 5.6 கன மீட்டர் நீர். கன மீட்டருக்கு 7 லட்சம் முட்டை என்பது ஏற்கப்பட்ட உச்சம். ஆகவே 39 லட்சம் வரை தாங்கும், நம்முடையது பாதிதான். ஒரே தொட்டி போதும்.

இனிக் கருவுறுதல் வீதம். இதில் மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் ஒரு மணி நேரத்தில் கருவுறாத முட்டையும் நீரை உறிஞ்சி உப்பும், கண்ணாடிபோல் தெளிந்தே இருக்கும். அப்போது எண்ணிவிட்டு 'தொண்ணூற்றெட்டு சதவீதம்' என்று பதிவேட்டில் எழுதுவார்கள். கருவுறாதவை பால் வெள்ளையாகக் கலங்குவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஏழெட்டு மணி நேரம் கழித்து, நல்ல முட்டைக்குள் கரு வளைந்த அவரை விதைபோல் தெரியும்போது எண்ணுங்கள். தட்டில் 200 முட்டை எடுத்தோம்; 170-ல் கரு தெரிந்தது. 85 சதவீதம். அதாவது 16.83 லட்சம் உயிருள்ள முட்டைகள்.

வீதம் குறைந்தால் காரணத்தை இந்த எண்களே காட்டிக்கொடுக்கும். பெண்கள் நிறைய முட்டையிட்டும் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டால், ஆண்களின் எண்ணிக்கையையோ விந்தையோ சந்தேகப்படலாம். முட்டையே குறைவாகவும், அளவில் ஏறுக்குமாறாகவும் இருந்து வெளுத்தால் பெண்களின் தேர்வு தவறு, பருவம் தாண்டிய சினை. ஒரு பெண் முழுமையாக இட்டு, இன்னொன்று வயிறு புடைத்தபடியே நின்றால் அந்த மீன் தனியாகத் தயாராகாதது. மருந்தைக் குறைசொல்ல இடமில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே குப்பிதான்.

பொரிப்புத் தொட்டியில் மூன்று நாள்

பொரிப்புத் தொட்டியின் அடியில் வாத்து அலகு வடிவக் குழாய்முனைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். அவை நீரை மேல்நோக்கியும் சுழலாகவும் தள்ளி முட்டைகளை அடியில் தங்கவிடாமல் வைக்கும். உபரி நீர் நடுக்கூண்டின் வலைத்துணி வழியாக வடிந்து வெளியேறும். இங்கே வேலை என்பது ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டம் விநாடிக்கு 0.4 முதல் 0.5 மீட்டர். முட்டைக்கு உறை இருக்கிறது, தாங்கும். பிறகு கரு உள்ளே துடிக்கத் தொடங்கும். பொரிக்கும் நேரம் நெருங்கும். அப்போது 0.1 முதல் 0.2 மீட்டராகக் குறைக்க வேண்டும். உறையிலிருந்து வெளிவந்த குஞ்சு ஐந்து மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் கருப்பை தொங்கும், நீந்தத் தெரியாது. பழைய வேகத்தில் விட்டால் ஓட்டம் அதை வலைத்துணியில் அறைந்து ஒட்டவைத்துவிடும். அதற்காக ஒரேயடியாகக் குறைத்தால் அடியில் குவிந்து மூச்சுத்திணறும். பொரிப்பு முடிந்து குஞ்சுகள் சற்றுத் தெம்பானதும் 0.3 முதல் 0.4 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறோம். வேகம் அளக்கக் கருவி வேண்டியதில்லை. ஒரு தக்கைத் துண்டை மிதக்கவிட்டு, ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க எத்தனை விநாடி என்று பாருங்கள். இரண்டு விநாடி என்றால் 0.5 மீட்டர், பத்து என்றால் 0.1.

28 பாகையில் பொரிப்பு 14 முதல் 18 மணி நேரத்தில் நடக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு இட்ட முட்டை அன்று இரவு ஏழு எட்டு மணிக்குப் பொரியும். உறைகள் கரைந்து சளிபோல் வலைத்துணியை அடைக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் நீர் வடியாமல் தொட்டி விளிம்பு வழியாக வழியும். குஞ்சுகளும் அதோடு போகும். பயிற்சிக் காலத்தில் நான் இருந்த ஒரு பண்ணையில் இப்படித்தான் ஒரு முறை நடந்தது. இரவுப் பணியாளர் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டார். காலையில் தொட்டியைச் சுற்றியுள்ள வாய்க்காலில் குனிந்து பார்த்தால், ஈரச் சிமெண்டில் வெள்ளி இழை பரப்பினாற்போல் குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. அதற்குப் பிறகு பொரிப்பு நடக்கும் இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கையில் மென்துடைப்பானோடு வலைத்துணியை வெளிப்பக்கமிருந்து தடவிக்கொடுப்பது அங்கே எழுதாத சட்டமானது.

இன்னொரு கோளாறு, நேரத்துக்கு முன்பே பொரிவது. பத்துப் பதினோரு மணி நேரத்திலேயே உறை கரைந்து, வளராத கரு நீரில் விழும். வால் நேராகாமல் வளைந்து கிடக்கும், பெரும்பாலும் பிழைக்காது. நீர் சூடேறுவது, அழுகிய முட்டைகள் சேர்ந்து நீர் கெடுவது, முதிராத சினையால் உறை மெலிந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். அழிவைத் தடுக்க அப்போது செய்யக்கூடியது, குளிர்ந்த புதுநீரைக் கூட்டுவதும் ஓட்டத்தைத் தணிப்பதும்தான்.

மின்தடையைப் பற்றி ஒரு வரி போதும்: மேல்தொட்டியில் சில மணி நேரத்துக்கான நீரும், இயங்கும் நிலையில் ஜெனரேட்டரும் இல்லாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். கிணற்றிலோ குளத்திலோ இருந்து வரும் நீரை வடிகட்டாமல் விட்டால் சைக்ளாப்ஸ் போன்ற நுண் உயிரிகள் உள்ளே நுழைந்து முட்டையையும் குஞ்சையும் துளைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குவளைக் கணக்கு

பொரித்த குஞ்சுக்கு மூன்று நாள் வரை மஞ்சள் கருவே உணவு. வாய் திறந்திருக்காது, தீனி போட்டால் நீர்தான் கெடும். 72 மணி நேரம் ஆகும்போது கருப்பை வற்றி, குஞ்சு கிடைமட்டமாக, ஓட்டத்தை எதிர்த்து நீந்தும். அதுதான் நுண்மீன் குஞ்சு, நாற்றங்கால் குளத்துக்குப் போகத் தகுதியான நிலை. இதற்கு முன் விட்டால் தீனி தேடத் தெரியாது. ஒரு நாள் தள்ளினால் பட்டினியில் மெலியும்.

குளிர்ந்த காலையில் குஞ்சுகளைச் சேகரித்து, நீர் வடியும் சிறு சல்லடைக் குவளையால் அளக்கிறோம். ஒரு மி.லி. குஞ்சை மூன்று முறை எண்ணினால் சராசரி 460 என்று வந்தது. 25 மி.லி. குவளையில் 11,500. மொத்தம் 105 குவளை. ஆக 12,07,500 குஞ்சுகள். கருவுற்ற முட்டையிலிருந்து பார்த்தால் 72 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இட்ட மொத்த முட்டையிலிருந்து 61 சதவீதம். பதிவேட்டில் இரண்டையும் எழுத வேண்டும். முதல் எண் பொரிப்புத் தொட்டி எப்படி நடந்தது என்று சொல்கிறது. இரண்டாவது எண் தாய்மீன் தேர்விலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறது. குவளையில் நீர் முழுவதும் வடியாமல் அளந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். குஞ்சு வாங்குபவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவர் கண் அந்தச் சல்லடையின் அடியில் சொட்டும் நீர் மீதுதான் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஆறு பெண் மீன்களை மறந்துவிடுவது சுலபம். முட்டையிட்ட அன்று காலையிலேயே அவற்றை எடுத்து மறுபடி எடை போட வேண்டும். இரண்டு கிலோவாகப் போனது 1.7 அல்லது 1.8 கிலோவாக வந்தால் நன்றாக இட்டிருக்கிறது. எடை குறையவே இல்லையென்றால் அந்த மீனை அடையாளமிட்டுத் தனியே வையுங்கள். செதில் பெயர்ந்த இடங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, இளஞ்சிவப்பாகத் தெரியும் அளவுக்கு நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் சற்று நேரம் முக்கியெடுத்து, மற்ற தாய்மீன்களோடு கலக்காமல் ஒரு தனிக் குளத்தில் விடுகிறோம். நல்ல தீனி கிடைத்தால் அதே பருவத்தில் சில மீன்கள் இரண்டாம் முறையும் சினை வைக்கும். அப்போது எந்தப் பெண் எந்த ஆண்களோடு முன்பு சேர்ந்தது என்ற பதிவேட்டுப் பக்கத்தை மறுபடி புரட்ட வேண்டியிருக்கும்.